வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு பையன்: பள்ளிப் படம் எடுத்த நாளின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வட சென்னைப் பள்ளிகளில் அடையாள அட்டைப் படமும் வகுப்புக் குழுப் படமும் எடுப்பது என் தொழில். தண்டையார்பேட்டை, காசிமேடு, கொருக்குப்பேட்டை என்று பெரும்பாலும் இந்தப் பக்கத்திலேயே வேலை. ஒரு பள்ளிக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். அந்த ஒரு நாளில் பள்ளி முழுவதையும் முடிக்க வேண்டும் என்பதால் ஒரு பிள்ளைக்கு இருபது நொடிக்கு மேல் ஒதுக்க முடியாது. வந்து நிற்பார்கள், காலரைச் சரிசெய்வேன், இரண்டு முறை அழுத்துவேன், அடுத்தவர் வருவார்.

இங்கே எழுதுவது தண்டையார்பேட்டைப் பக்கத்தில் உள்ள ஒரு உதவிபெறும் பள்ளியில் நடந்தது. ஏழாம் வகுப்பு, 42 பிள்ளைகள். அதில் 12 வயதுப் பையன் ஒருவன் படம் எடுக்க வர மறுத்தான். அவனுக்குப் பிடிவாதம் என்று முதலில் நினைத்தேன். காரணம் முந்தைய ஆண்டு நான் எடுத்த படம் என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் என் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

முந்தைய ஆண்டு நடந்தது

அட்டை அச்சடிப்பவர் வெள்ளைப் பின்னணி வேண்டும் என்று கேட்டிருந்தார். பள்ளித் தாழ்வாரத்தில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் இருந்தது. பிள்ளைகளுக்குச் சீருடையும் வெள்ளைச் சட்டை. சுவருக்கு முன்னால் நிறுத்தி, வெளிச்ச அளவைக் கேமராவே முடிவு செய்யும் ஆட்டோ முறையில் வைத்து, வரிசையாக எடுத்து முடித்துவிட்டேன். பின்புறத் திரையில் நாலைந்து படம் பார்த்தேன், சரியாக இருப்பதுபோலத் தெரிந்தது. மீதியைப் பார்க்கவில்லை.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி தன் முன்னால் இருப்பது சுவரா சட்டையா முகமா என்று அறியாது. எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்பதை மட்டுமே அளக்கும். உலகத்தில் உள்ளதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்ற கணக்கில்தான் அதை அமைத்திருக்கிறார்கள். இதைச் சரிபார்க்க நாங்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை, தன்மேல் விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். படச் சட்டத்துக்குள் முக்கால்வாசி வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று ஒளிமானி முடிவு செய்யும். அந்த வெள்ளையைச் சாம்பலுக்கு இறக்கப் படம் முழுவதையும் இருட்டாக்கும். புதிய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்துக் கொஞ்சம் திருத்திக்கொள்கின்றன. என்னுடையது பழைய எஸ்எல்ஆர், அதற்கு அந்த வசதி கிடையாது.

அந்த இருட்டு 42 பேர் படத்திலும் ஒரே அளவில்தான் இருந்தது. வெளிர் நிறப் பிள்ளைகளின் முகம் கொஞ்சம் மங்கலாக வந்தது, அவ்வளவுதான். யாரும் குறை சொல்லவில்லை. கறுத்த நிறமுள்ள பிள்ளைகளுக்கு அப்படி இறங்குவதற்கு இடமே இல்லை. இந்தப் பையனின் அட்டையில் புருவமும் கண்ணும் மூக்கும் ஒன்றோடொன்று கலந்து, சட்டைக் காலருக்கு மேல் ஒரு கறுத்த உருண்டையாக முகம் நின்றது. அந்த அட்டையைத்தான் அவன் ஒரு வருடம் முழுக்கக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

அன்று காலை கவனித்தவை

ஒன்பது மணிக்கு முன்பே குழுப் படத்துக்குப் பெஞ்சு போட்டோம். உயரப்படி வரிசை நிறுத்தும்போது இந்தப் பையன் கேட்காமலேயே கடைசி வரிசையின் ஓரத்துக்குப் போனான். முன்னால் நின்றவனின் தோளுக்குப் பின்னால் பாதி முகம் மறையும்படி நின்றான். நான் கண்ணை வ்யூஃபைண்டரில் வைக்கும் ஒவ்வொரு முறையும் குனிந்தான், எடுத்தவுடன் நிமிர்ந்தான்.

அவன் முகத்தில் பவுடர் மிக அதிகமாக இருந்தது. படம் எடுக்கும் நாளில் வீட்டில் பவுடர் போட்டு அனுப்புவது இங்கே வழக்கம்தான், ஆனால் இவன் கழுத்து வரை பூசியிருந்தான். அம்மா காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார் என்பதால் அக்காதான் போட்டுவிட்டாளாம்.

இன்னொன்றையும் அப்போதே பார்த்தேன், அர்த்தம் மட்டும் புரியவில்லை. எல்லாப் பிள்ளைகளுடைய பழைய அட்டையும் சட்டைமேல் படம் தெரியத் தொங்கியது. இவனுடையதில் மட்டும் பள்ளி முகவரி இருக்கும் பின்பக்கம் வெளியே தெரிந்தது.

முதலில் செய்தது, அது ஏன் பலிக்கவில்லை

தனிப்படம் எடுக்க அவன் முறை வந்தபோது வகுப்பறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. நான் போய் எல்லாரும் செய்வதைச் செய்தேன். “வா தம்பி, சூப்பரா இருக்க, ஒரு சிரிப்பு சிரி” என்றேன். வகுப்பே திரும்பி அவனைப் பார்த்தது. அவன் இன்னும் குனிந்துகொண்டான்.

கூச்சப்படுகிற பிள்ளையிடம் அழகாக இருக்கிறாய் என்று சொன்னால், எல்லாரும் தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற அவனுடைய பயத்தை நாமே உறுதிசெய்துவிடுகிறோம். இத்தனை வருடம் இந்த வேலை செய்தும் அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

வகுப்பாசிரியை என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “போன வருஷ அட்டையைக் காட்டிக் காட்டிப் பசங்க ரொம்பக் கிண்டல் பண்ணிட்டாங்க சார். கரண்ட் போனப்ப எடுத்த போட்டோன்னு பேரு வச்சுட்டாங்க. நானும் நாலஞ்சு தடவை கண்டிச்சேன்” என்றார். அப்போதுதான் திருப்பிப் போட்டிருந்த அட்டை எனக்குப் புரிந்தது.

அந்த அட்டையை வாங்கிப் பார்த்தேன். என் வேலைதான். கைக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

எடுத்த முடிவு

என் முன்னால் இருந்த சுலபமான வழி, எப்படியாவது ஒரு படம் எடுத்துவிட்டு ஃபோட்டோஷாப்பில் முகத்தை வெளுப்பாக்குவது. அட்டை அச்சடிக்கும் கடைகளில் கேட்காமலேயே இதைச் செய்வார்கள். ஆனால் இருட்டாகப் பதிவான படத்தில் நிழலுக்குள் விவரம் இருக்காது. அதைத் தூக்கினால் புள்ளி புள்ளியாக, திட்டுத் திட்டாக வரும், முகம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். அதை விட முக்கியமான காரணம் ஒன்று இருந்தது. உன் நிறம்தான் பிழை, நான் திருத்திவிட்டேன் என்று அவனிடம் சொல்வதாக அது முடியும். பிழை என்னுடையது. அதை அவனுக்குத் தெரியும்படி காட்ட வேண்டும் என்று தோன்றியது.

தலைமையாசிரியரிடம் மதிய இடைவேளையில் 20 நிமிடம் கேட்டேன், கொடுத்தார். அவனையும், அவனோடு பெஞ்சில் உட்காரும் நண்பனையும் மட்டும் வரச் சொன்னேன். “போட்டோ எடுக்கப் போறதில்ல, கேமரா பாக்கத்தான்” என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார்.

சுவரும் கறும்பலகையும்

கேமராவை ஆட்டோவில் வைத்து அவன் கையிலேயே கொடுத்தேன், பட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டேன். சுண்ணாம்புச் சுவரை மட்டும், வேறெதுவும் வராமல் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அப்புறம் வகுப்பறைக் கறும்பலகையை அதேபோல ஒன்று. இரண்டையும் திரையில் அடுத்தடுத்துப் பார்த்தான்.

“அண்ணா, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு.”

இரண்டுமே சாம்பலாக வந்திருந்தன. எது சுவர், எது பலகை என்று கண்டுபிடிக்கப் பலகையில் அழியாமல் நின்ற சாக்பீஸ் கோட்டைத் தேட வேண்டியிருந்தது. வெள்ளையைப் பார்த்தால் கேமரா இருட்டாக்கும், கறுப்பைப் பார்த்தால் வெளிச்சமாக்கும், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று சொன்னேன்.

பிறகு அவன் நண்பனைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி எடுக்கச் சொன்னேன். நண்பன் இவனை விடக் கொஞ்சம் வெளிர் நிறம். படத்தில் அவன் முகமும் மங்கித்தான் வந்தது. பையன் திரையையும் நண்பனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

“போன வருஷம் நானும் இங்கதான நின்னேன்?”

“ஆமா. இந்தச் சுவர்தான். நான்தான் கவனிக்காம எடுத்துட்டேன், தம்பி. தப்பு என்னோடது.”

அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் அதுவரை தரையிலிருந்த பார்வை கேமராவின் பொத்தான்களுக்கு வந்திருந்தது.

இந்தக் குறை கேமராவோடு மட்டும் நிற்பதல்ல. ஃபிலிம் காலத்தில் லேப்களில் வண்ணம் சரிபார்க்க ‘ஷெர்லி அட்டை’ என்று ஒன்று அனுப்புவார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அந்தத் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று கணக்கு. கறுத்த தோல் எப்படி வருகிறது என்பதற்கு வெகுகாலம் அளவுகோலே வைக்கவில்லை. இதைப் பையனிடம் சொல்லவில்லை, சொன்னால் பாடம் மாதிரி ஆகியிருக்கும்.

வ்யூஃபைண்டருக்குள் அவன் பார்த்தது

அடுத்து நான் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்கச் சொன்னேன். படம் எடுக்கும்போது நான் எதையெல்லாம் பார்க்கிறேனோ அதையெல்லாம் அவனையே தேடச் சொன்னேன். முதலில், கண்மேல் ஒரு சிறிய சதுரத்தை வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்த வேண்டும். அங்கேதான் ஃபோகஸ். அடுத்து காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கிறதா, தலைக்குப் பின்னால் கம்பியோ ஜன்னலோ முளைத்திருக்கிறதா. புருவத்துக்குக் கீழே நிழல் விழுந்து கண் குழியாகிறதா. கடைசியாக, கருவிழியில் வெளிச்சத்தின் பிரதிபலிப்பு இருக்கிறதா.

“உங்க கண்ணுல குட்டியா ஒரு வெள்ளைப் புள்ளி இருக்குண்ணா. அதுவா?”

அதேதான். அந்தப் புள்ளி இருந்தால் கண்ணுக்கு உயிர் இருக்கும். இல்லாவிட்டால் எந்த நிறத்து முகமானாலும் செத்துத் தெரியும். முந்தைய ஆண்டுப் படத்தில் அவன் கண்ணில் அந்தப் புள்ளி இல்லை. தாழ்வாரத்தின் உள்பக்கமாக நிறுத்தியிருந்தேன், எதிரில் வெளிச்சம் வரத் திறப்பே இல்லை.

அப்புறம் அவன் பொத்தானை முழுவதும் அழுத்தினான். சட்டென்று கேமராவிலிருந்து தலையை எடுத்தான்.

“இருட்டாயிடுச்சு!”

எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியாக வரும் காட்சியை ஒரு கண்ணாடிதான் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. அழுத்தியதும் அந்தக் கண்ணாடி மேலே எழும்பி வழிவிடும், அப்போதுதான் வெளிச்சம் சென்சாருக்குப் போகும். அந்த நேரத்தில் வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். கண் சிமிட்டுகிற நேரம்தான். ஆனால் படம் பதிவாவது சரியாக அந்த நேரத்தில்.

இதைச் சொன்னதும் அவன் யோசித்துவிட்டுக் கேட்டான். “அப்ப போட்டோ எடுக்கும்போது நீங்க என்னைப் பாக்கவே மாட்டீங்களா?”

“அந்த ஒரு நேரம் மட்டும் பாக்க முடியாது. அதுக்கு முன்னாடி காலரு, நிழலு, அந்தப் புள்ளி, அதையெல்லாம் பாப்பேன்.”

“மூஞ்சி?”

“மூஞ்சில வெளிச்சம் எங்க விழுதுன்னு பாப்பேன்.”

உண்மையைத்தான் சொன்னேன். இருபது நொடியில் ஒரு முகம் அழகா இல்லையா என்று எடைபோட எனக்கு நேரமும் இல்லை, அந்த நினைப்பும் வருவதில்லை. அவனைப் பொறுத்தவரை கேமராவுக்குப் பின்னால் இருப்பவன் கிண்டல் செய்கிற பையன்களைப்போலவே பார்ப்பான் என்று இருந்திருக்கிறது. தானே அந்த இடத்தில் நின்று பார்த்த பிறகு அந்த எண்ணம் கொஞ்சம் தளர்ந்தது என்றுதான் நினைக்கிறேன்.

எடுத்த படம்

“எடுக்கலாமா?” என்று கேட்டேன். தலையசைத்தான்.

சுவரை விட்டுவிட்டு, பையில் எப்போதும் இருக்கும் நீலச் சாம்பல் துணியைப் பின்னால் கட்டினேன். வெட்டவெளிக்கு முகம் காட்டும்படி அவனைத் தாழ்வாரத்தின் விளிம்புக்குக் கொண்டுவந்தேன். இடது பக்கம் மூன்றடி தள்ளி ஒரு தெர்மாகோல் பலகையை நண்பன் பிடித்துக்கொண்டான். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்குழிக்குள் போகும். விலை மலிவு, இதை விட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை.

பவுடரைப் பற்றி நானாக எதுவும் சொல்லாமல், வ்யூஃபைண்டரில் நண்பன் முகத்தைப் பார்க்கச் சொன்னேன். அவன் முகம் கழுவிவிட்டு வந்திருந்தான், கன்னத்திலும் மூக்கு நுனியிலும் லேசாக மினுமினுத்தது. கறுத்த தோலில் முகத்தின் வடிவத்தைக் காட்டுவது அந்த மினுமினுப்புதான். பவுடர் அதைத் தின்றுவிடும், முகம் சப்பையாகி வெளிறிய சாம்பலாக நிற்கும். இவ்வளவைச் சொன்னேன். அவனே குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு, சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு வந்தான்.

சாம்பல் அட்டையை அவன் கன்னத்துக்கு அருகே பிடித்து வெளிச்சத்தை அளந்தேன். ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6 வைத்தால் ஷட்டர் திறந்திருக்க வேண்டிய நேரம் 1/125 நொடி என்று வந்தது. அதே வெளிச்சத்தில் ஆட்டோவில் சுவரைப் பின்னணியாக வைத்துப் பார்த்தபோது கேமரா 1/320 நொடி போதும் என்றது. முகத்துக்குத் தேவையான வெளிச்சத்தில் பாதிகூடக் கிடைத்திருக்காது. மேனுவலில் 1/125 என்று பூட்டிவிட்டு மூன்று படம் எடுத்தேன். மூன்றிலும் சிரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாவதில் நேராகக் கேமராவைப் பார்த்தான்.

திரையில் அவன் முதலில் பெரிதாக்கிப் பார்த்தது கண்ணைத்தான். “புள்ளி இருக்கு” என்றான். முகம் கறுப்பாகத்தான் இருந்தது, அவன் நிறத்தில். புருவம் புருவமாகவும், மேலுதட்டின் கோடு கோடாகவும் தெரிந்தது.

மதியத்துக்குப் பிறகு ஏழாம் வகுப்பு முழுவதையும் அதே இடத்தில், அதே அளவில் மறுபடி எடுத்தேன். நின்ற இடத்தில் விழும் வெளிச்சம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதால் ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டியதில்லை. மேகம் வந்துபோகும் என்று பத்துப் பேருக்கு ஒருமுறை அட்டையை வைத்து அளந்துகொண்டேன். குழுப் படத்தையும் மறுநாள் காலை போய் மறுபடி எடுத்தேன். முதல் நாள் கடைசி வரிசை சன்ஷேடுக்குக் கீழே மாட்டியிருந்தது, அங்கே நின்றவர்கள் முன்வரிசையை விட இருட்டாகத்தான் வந்திருப்பார்கள். பெஞ்சுகளை இரண்டு மீட்டர் வெளியே இழுத்துப் போட்டதும் எல்லா வரிசைக்கும் ஒரே வெளிச்சம் கிடைத்தது.

பின் நடந்தவை

அன்று மாலை அவன் அம்மா ஆசிரியையின் ஃபோனிலிருந்து பேசினார். “சார், போன தடவ ரொம்ப இருட்டா வந்துடுச்சு. இந்தத் தடவ கொஞ்சம் கலரா போட்டுக் குடுங்க சார்” என்றார். இந்தக் கோரிக்கை எனக்கு வாரத்துக்கு நான்கு முறை வரும். திருத்தாத படத்தை ஆசிரியைக்கு அனுப்பி, அவரிடம் காட்டச் சொன்னேன். பார்த்துவிட்டு, “எங்கப்பா மாதிரியே இருக்கான்” என்றாராம். கலராகப் போடுவதைப் பற்றிப் பிறகு பேச்சு வரவில்லை. அவர் மனதில் அந்த ஆசை போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அந்தப் படம் போதுமானதாக இருந்தது.

அச்சுக்கடையில் ஒரு தகராறு வந்தது. அவர்கள் கணினியில் எல்லாப் படத்தையும் ஒரே சொடுக்கில் வெளுப்பாக்கி வழவழப்பாக்கும் ஏற்பாடு இருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டு அடித்த முதல் மாதிரி அட்டை, திரையில் பார்த்ததை விட இருண்டு வந்தது. பிவிசி அட்டையில் இப்படி ஆகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள், வெளுப்பாக்குவதற்கு அதையே காரணமாகவும் சொன்னார்கள். அது ஓரளவு நியாயம்தான். முகத்தை மட்டும் தனியாக வெளுப்பாக்காமல், முழுப் படத்தையும் அச்சுக்கு ஏற்றவாறு கொஞ்சம் தூக்கி இன்னொரு மாதிரி அடித்தோம். அது சரியாக வந்த பிறகே மற்றவை அச்சாயின.

குழுப் படத்தில் அந்தப் பையன் மறுபடியும் ஓரத்தில்தான் நிற்கிறான். கூச்சம் அப்படியே இருக்கிறது, வகுப்பில் இப்போதும் தானாகக் கை தூக்குவதில்லை என்று ஆசிரியை சொன்னார். ஆனால் யாருடைய தோளுக்குப் பின்னாலும் முகம் மறையவில்லை. மூன்று மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பள்ளிக்குப் போனபோது மைதானத்தில் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தான். அட்டை சட்டைமேல் எகிறி எகிறி விழுந்தது, படம் வெளியே தெரிந்தது.

மாற்றிக்கொண்டவை, இன்னும் சரியாகாதவை

வெள்ளைப் பின்னணியில் எடுப்பதை விட்டுவிட்டேன். கட்டாயம் வெள்ளைதான் வேண்டும் என்று கேட்கும் பள்ளிகளில், பிள்ளையைச் சுவரிலிருந்து ஐந்தாறு அடி முன்னால் நிறுத்தி, சாம்பல் அட்டையில் அளந்து, மேனுவலில் எடுக்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ஐந்து படம் எடுத்தவுடன் நிறுத்தி, அதில் மிகக் கறுத்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அதில் கண்ணும் புருவமும் தனித்தனியாகத் தெரிந்தால், வெள்ளைச் சட்டையில் மடிப்புகளும் தெரிந்தால், அளவு சரி. முன்பு நான் திரையில் பார்த்த நாலைந்து படங்கள் யாருடையவையாக இருந்தன என்று இப்போது யோசித்தால் கஷ்டமாக இருக்கிறது.

அந்த 20 நிமிடம் எல்லாப் பள்ளியிலும் கிடைக்காது. அதனால் வரிசையில் தயங்கி நிற்கிற பிள்ளை கண்ணில் பட்டால், முதலில் அடுத்தவர் படத்துக்குத் தெர்மாகோல் பிடிக்கச் சொல்கிறேன், அப்புறம் ஒருமுறை வ்யூஃபைண்டரில் பார்க்கவிடுகிறேன். இரண்டு நிமிடத்தில் முடியும். சிலருக்கு அது உதவுகிறது, சிலர் அப்போதும் குனிந்தே நிற்கிறார்கள், அவர்களை அப்படியே எடுக்கிறேன்.

முந்தைய ஆண்டின் கோப்புகள் என் ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. அந்தப் பள்ளியின் எல்லா வகுப்புகளையும் திறந்து பார்த்தேன். அவனுடையதைப் போல இருண்டுபோன முகங்கள் இன்னும் பதினேழு இருந்தன. அதில் பதினான்கு பேருக்குப் புதுப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டேன். மூன்று பேர் பள்ளி மாறிப் போய்விட்டார்கள்.